‘உள்ளேன் மிஸ்’ இல்லாத வகுப்பு

நேர் வகுப்பில் 38 பெயரையும் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். தலை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம், குரலை வைத்தே ஆள் தெரியும். ஆன்லைனில் அதே 38 பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை ம்யூட்டை எடுக்க மறந்து வாயை மட்டும் அசைக்கும். இன்னொன்று ம்யூட்டை எடுத்த கையோடு பின்னால் ஓடும் மிக்ஸி சத்தத்தையும் வகுப்புக்குள் கொண்டுவரும். நான்கு பேர் பதிலே சொல்ல மாட்டார்கள். ‘மிஸ், என் பேரைக் கூப்பிட்டீங்களா? இப்பதான் நெட் வந்துச்சு’ என்று ஐந்தாவதாக ஒருவர் கேட்பார். ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆனது. மொத்த வகுப்பே 45 நிமிடம்தான்.

சரி, செயலியே வருகைப் பட்டியல் தருகிறதே, அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது போனார் என்று அது வரி வரியாகக் காட்டும். இரண்டு வாரம் அதை நம்பினேன். அப்புறம் ஒருநாள் இரண்டு மாணவர்களின் வரிகள் பக்கத்து பக்கத்தில் கண்ணில் பட்டன. ஒருவர் பெயரில் ஒரே வரி: தொடக்கம் முதல் கடைசி வரை 45 நிமிடம். இன்னொருவர் பெயரில் ஆறு வரிகள்: வந்து, போய், வந்து, போய், கூட்டிப் பார்த்தால் 31 நிமிடம். பட்டியலின்படி முதலாமவர்தான் ஒழுங்கான மாணவர். உண்மையில் அவர் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போயிருந்தார். வகுப்பை முடித்த பிறகும் அவர் பெயர் மட்டும் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால்தான் எனக்குத் தெரியவந்தது. நெட் அறுந்து அறுந்து ஆறு முறை உள்ளே வந்த பிள்ளையோ அன்று கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் அனுப்பியிருந்தது.

செயலியின் பட்டியல், ஃபோன் உள்ளே இருந்ததைச் சொல்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது பிள்ளை உள்ளே இருந்ததா என்பது. அன்றிலிருந்து வருகைக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. வகுப்புக்கு நடுவே நான் கொடுக்கும் குட்டி வேலைகளுக்கு வரும் பதில்களையே வருகையாக எடுத்துக்கொள்கிறேன். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் முதல் மாதம் முழுக்க இதைத் தப்பாகத்தான் செய்தேன். அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்கு நடுவே ஒரு ரகசியச் சொல்லைச் சொல்வேன், அதை உடனே எழுதி அனுப்ப வேண்டும். ஒருநாள் ‘ஒட்டகச்சிவிங்கி’ என்றேன். ஒரு நிமிடத்துக்குள் 36 ஒட்டகச்சிவிங்கிகள் வந்தன. அப்போது வகுப்பில் இருந்ததே 31 பேர். பிள்ளைகளுக்குள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் வாயை மூடுவதற்குள் ஒட்டகச்சிவிங்கி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத, எல்லாருக்கும் ஒரே பதிலுள்ள ஒரு கேள்வியைக் கேட்டது நான்தானே.

அதனால் ஒரு வேலைக்கு இரண்டு நிபந்தனை வைத்துக்கொண்டேன். அது பாடத்தின் ஒரு படியாகவே இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் பாடத்தில் ஓட்டை விழ வேண்டும். இரண்டாவது, முடிந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பதில் வர வேண்டும். இரண்டாவதை எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்த ஒரு பாடத்தை வைத்துச் சொல்கிறேன்: ஒரு விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்?

முதலில் எத்தனை வேலை என்ற கணக்கு. ஆர்வத்தில் ஒரு வகுப்பில் ஆறு வேலை வைத்துப் பார்த்தேன். ‘ஒன்றரை நிமிட வேலை’ என்று திட்டத்தில் எழுதுவது சுலபம். கேள்வியை இரண்டு முறை வாசிக்க வேண்டும், லிங்க் போட வேண்டும், ‘லிங்க் வரல மிஸ்’ என்பவர்களுக்கு மறுபடி போட வேண்டும், காத்திருக்க வேண்டும், வந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஒன்றுக்கு மூன்றரை நிமிடம் போய்விடுகிறது. ஆறுக்கு 21 நிமிடம். மிச்சமிருக்கும் 24 நிமிடத்தில் பாடம் துண்டு துண்டாகிவிட்டது. இப்போது நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலும் மூன்றுதான் பதிவாகும். ஒன்று பதிவே இல்லாமல், சும்மா கைகளை அசைக்க வைப்பதற்கு.

10 மணிக்கு வகுப்பு. முதல் வேலை 10 மணிக்கே திரையில் இருக்கும். ‘ஒரு விலை 20 சதவீதம் ஏறியது. பிறகு 20 சதவீதம் இறங்கியது. இப்போது விலை முதலில் இருந்ததைவிடக் கூடவா, குறைவா, அதேதானா?’ கணக்குப் போடக் கூடாது, மனதில் தோன்றுவதை அனுப்ப வேண்டும். எதுவும் படித்திருக்கத் தேவையில்லை. இந்த வேலையை எட்டு நிமிடம் திறந்தே வைத்திருப்பேன், தாமதமாக வருகிறவர்களும் பதில் சொல்லிவிட்டே உள்ளே நுழைவார்கள். முதல் சில நிமிடம் ‘கேக்குதா, கேக்குதா’ என்று போவதற்குப் பதிலாக வந்தவர் எல்லாருக்கும் கையில் ஒரு வேலை இருக்கிறது. யாருக்காவது லிங்க் திறக்கவில்லை என்றால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும், நடுப்பாடத்தில் தெரியாது. சரியான விடையை மட்டும் இப்போது சொல்லிவிடக் கூடாது. நான் வாய் தவறி ஒருமுறை சொல்லிவிட்டு, மிச்ச வகுப்பு முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

பெரும்பாலும் ‘அதேதான்’ என்றுதான் வரும். அது எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடம் ‘சதவீதம் என்றால் எதில் சதவீதம்’ என்ற பேச்சு. 10:12 வாக்கில் இரண்டாவது வேலை, சாட்டில். 100 என்ற விலை 120 ஆகிவிட்டது, இப்போது 20 சதவீதம் இறக்கப் போகிறோம். அந்த 20 சதவீதம் எந்த எண்ணில்? பதிலைத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அனுப்பக் கூடாது. நான் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். இந்த ‘அனுப்பாதே’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று முதலில் 120 என்று போடும், அதன் கீழே வரிசையாக 120, 120 என்று எதிரொலி வரும். எண்ணிச் சொன்னால் 100, 120, 20, 24 என்று எல்லாம் ஒரே நொடியில் கொட்டும். யாருக்கு என்ன புரிந்திருக்கிறது என்பது அந்தக் குவியலிலேயே தெரிந்துவிடும். 24 என்று போட்ட பிள்ளை கேள்வியைத் தாண்டி அடுத்த படிக்கே போய்விட்டது, அதையும் பாராட்டிவிடுவேன்.

இதை நான் வருகைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. சாட்டைச் சேமித்து வைக்கலாம், நேரமும் அதில் இருக்கும். ஆனால் திரையில் இருக்கும் பெயர்கள் இருக்கின்றனவே! ‘அப்பா ஃபோன்’, ‘கேமர் பாய்’, வெறும் ஒரு புள்ளி, ஏதோ ஒரு ஃபோனின் மாடல் எண். அதையெல்லாம் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் பெயர் கூப்பிடுவதே மேல் என்று ஆகிவிடும்.

மூன்றாவது வேலைதான் இந்த வகுப்பின் நடு முதுகெலும்பு. 10:24 வாக்கில் வரும். அதற்குள் 100 என்ற எண்ணை வைத்து 120, பிறகு 96 என்று ஒருமுறை செய்து காட்டியிருப்பேன். இப்போது அவர்கள் முறை. ‘உங்கள் வரிசை எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் பொருளின் விலை. அதை 20 சதவீதம் ஏற்றி, வந்த விலையை 20 சதவீதம் இறக்குங்கள். கடைசி விலையை மட்டும் அனுப்புங்கள்.’

வரிசை எண் 23 என்றால் விலை 230. ஏற்றினால் 276. அதில் 20 சதவீதம் 55.2, கழித்தால் 220.8. வரிசை எண் 17 என்றால் 170, பிறகு 204, கடைசியில் 163.2. ஒவ்வொருவருக்கும் ஒரு விடை. வாட்ஸ்அப் குழுவில் யாராவது தன் விடையைப் போட்டாலும் மற்றவருக்கு அது உதவாது. ‘எப்படிச் செய்யணும்’ என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். கேட்கட்டும், அதுவும் பாடம்தானே.

38 வேறு வேறு விடைகளை யார் திருத்துவது என்று கேட்பீர்கள். திருத்தவே வேண்டாம். வந்த விடையை வரிசை எண்ணால் வகுத்தால் போதும். சரியாகச் செய்தவர் எல்லாருக்கும் 9.6 வரும், ஏனென்றால் பத்து மடங்கை 1.2-ஆலும் 0.8-ஆலும் பெருக்கினால் 9.6. தவறாகச் செய்தவர்களுக்கு வரும் எண்ணைப் பார்த்தாலே என்ன தவறு என்று தெரிந்துவிடும். 10 வந்தால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் பழைய விலையிலேயே 20 சதவீதம் எடுத்திருக்கிறார்: 230-இல் 46-ஐக் கூட்டி, அதே 46-ஐக் கழித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார். 12 வந்தால் ஏற்றியதோடு நின்றுவிட்டார். 14.4 என்றால் இரண்டு முறையும் ஏற்றிவிட்டார், கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

ஒரு வகுப்பில் 33 விடைகள் வந்தன. 19 பேருக்கு 9.6. ஆறு பேருக்கு 10. மூன்று பேருக்கு 14.4. இரண்டு பேருக்கு 12. ஒருவர் எண்ணோடு ‘ரூபாய்’ என்றும் சேர்த்துத் தட்டியதால் வகுக்க முடியாமல் `#VALUE!` என்று வந்து நின்றது. அதைக் கையால் சரி செய்தேன். இன்னொருவருக்கு 0.96. குழந்தை பத்தால் பெருக்க மறந்துவிட்டது, மற்றபடி கணக்கு அப்பழுக்கில்லாதது. கடைசி ஒன்றுதான் வேடிக்கை: வரிசை எண் 31, விடை 220.8. வகுத்தால் 7.12 சொச்சம். எந்தத் தவறைச் செய்தாலும் 7.12 வராது. 220.8 யாருடைய விடை என்று மேலே பார்த்தீர்கள். நான் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் எதுவும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ‘உன் விலை என்னம்மா?’ என்று தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். சிறிது நேரம் கழித்து 297.6 என்று வந்தது. 31-க்கு அது சரி.

இந்த வகுத்த எண்களை மட்டும் வேறொரு தாளுக்கு எடுத்து அங்கேயே திரையில் காட்டுவேன். பெயரும் வரிசை எண்ணும் திரைக்கு வரவே கூடாது. ‘ஆறு பேருக்கு 10 வந்திருக்கிறது, அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?’ என்று கேட்டால் பிள்ளைகள் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். நான் விளக்கியிருந்தால் தூங்கியிருப்பவர்கள் இதில் விழித்துக்கொள்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரே பெரும்பாலும் ‘ஓ, அது நான்தான் மிஸ்’ என்று வந்துவிடுவார். அதனால் இந்த வேலைக்கும் அதன் பேச்சுக்கும் சேர்த்து ஒன்பது பத்து நிமிடம் கொடுத்தாலும் எனக்குக் கணக்குத் தீரும்.

அப்புறம் வரிசையை மாற்றி, முதலில் இறக்கிப் பிறகு ஏற்றினால் என்ன என்று ஒரு சின்னப் பேச்சு. அப்போதும் முதல் விலையின் 0.96 மடங்குதான். இது மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான்காவது வேலை 10:37-க்கு. கடைசி நிமிடத்தில் வைக்கவே மாட்டேன். கடைசி நிமிடத்தில் பேட்டரி தீரும், அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டியிருக்கும், தம்பிக்கு ஃபோன் கொடுக்க வேண்டியிருக்கும். கேள்வி இது: ‘பத்து மணிக்கு நம்மில் நிறையப் பேர் அதேதான் என்று சொன்னோம். அப்படிச் சொன்ன நண்பருக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள்.’ இதில் எண் கிடையாது, வாக்கியம்தான் வேண்டும். இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி வாக்கியம் எழுதினால் கண்ணில் குத்தும். ‘ரெண்டும் 20தான், ஆனா ரெண்டாவது 20 பெரிய விலைலேருந்து போகுது’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதை நான் இப்போது பாடத்தில் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளுக்குத் தெரியாது.

சரி, பதிவு எப்படி நடக்கிறது. வருடம் முழுக்க ஒரே ஒரு கூகுள் ஃபார்ம், அதில் இரண்டே கேள்வி: வரிசை எண், பதில். வரிசை எண்ணைத் தட்டச்சு செய்ய விடாமல் 1 முதல் 38 வரை தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்கவே கூடாது. ஒரே பிள்ளை தன் பெயரைத் திங்கள்கிழமை தமிழிலும் செவ்வாய்க்கிழமை ஆங்கிலத்திலும் புதன்கிழமை செல்லப்பெயராகவும் எழுதும். பதில்கள் விழும் ஷீட்டில் முதல் நெடுவரிசையில் அனுப்பிய தேதியும் நேரமும் தானாக வந்துவிடும், அடுத்ததில் வரிசை எண், மூன்றாவதில் பதில்.

எந்தப் பதில் எந்த வேலைக்கு என்று பிள்ளைகளைச் சொல்லச் சொன்னால் தப்பாகச் சொல்வார்கள். அதற்கு நேரமே போதும். வருகைக்கென்று தனித் தாள் ஒன்று. அதில் A4-இலிருந்து கீழே வரிசை எண்கள். B, C, D மூன்றும் மூன்று வேலைகளுக்கு. 2-ஆம் வரியில் அந்த வேலை திறந்த தேதி நேரம், 3-ஆம் வரியில் மூடிய தேதி நேரம். B4-இல் இதைப் போட்டு மற்ற கட்டங்களுக்கு இழுத்துவிட்டால் போதும்:

```
=COUNTIFS('Form Responses 1'!$B:$B,$A4,'Form Responses 1'!$A:$A,">="&B$2,'Form Responses 1'!$A:$A,"<="&B$3)
```

அந்த நேரத்துக்குள் அந்த வரிசை எண்ணிலிருந்து எத்தனை பதில் வந்தது என்று கட்டத்தில் விழும். 0 என்றால் வரவில்லை, 1 என்றால் வந்தது. சாயங்காலம் நண்பனிடம் கேட்டு நிரப்புகிறவருடைய பதில் நேரத்துக்கு வெளியே விழுவதால் எண்ணிக்கையில் சேராது. வகுத்துப் பார்க்கும் வேலைக்கு, பதில்கள் விழும் தாளில் பக்கத்து நெடுவரிசையில் `=C2/B2` போட்டு, பதில்கள் வந்த பிறகு கீழே இழுத்துவிட்டால் போதும். ஷீட்டின் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கு அது வேறு ஊர் நேரத்தில் இருந்து, முதல் நாள் வகுப்பில் ஒரு ஈ காக்காகூட வரவில்லை என்று காட்டியது.

2 வந்தால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சில நேரம் பிள்ளை பொறுமையில்லாமல் இரண்டு முறை அனுப்பியிருக்கும். ஆனால் 14-க்கு 2 என்றும் 15-க்கு 0 என்றும் இருந்தால், 15 தன் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது விரல் வழுக்கி 14-ஐத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது வேலையாக இருந்தால் விடையே சொல்லிவிடும்: 144 என்ற விடை 15-க்குத்தான் 9.6 தரும்.

மூன்றில் இரண்டு இருந்தால் வந்ததாக எடுத்துக்கொள்கிறேன். நெட் ஒருமுறை அறுந்ததற்காக யாருக்கும் வருகை போகக் கூடாது. ஒன்றே ஒன்று இருந்தால் ‘பாதி’ என்று குறித்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்பேன். சுழியம் என்றால் வீட்டுக்கு ஃபோன். விடை சரியா தப்பா என்பது வருகைக்குள் வரவே வராது. ஒரு தடவை அதைக் கலந்துவிட்டால், தெரியாத பிள்ளை அனுப்பாமலே இருந்துவிடும். அப்புறம் 10-உம் 14.4-உம் என் கண்ணில் படாமலே போய்விடும், வருகையும் தப்பாகிவிடும். முதல் வாரமே இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘தெரியல’ என்று அனுப்பினாலும் வருகை உண்டு. அப்படி அனுப்புகிறவர்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை.

ஃபோனில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் என் வகுப்பில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஃபார்மைத் திறந்தால் வகுப்புத் திரை மறைந்துவிடும். கேள்வி ஸ்லைடில் மட்டும் இருந்தால் போய்ப் போய்ப் பார்த்துவர வேண்டும். நினைவகம் குறைந்த பழைய ஃபோன்களில் இன்னொன்றைத் திறந்ததும் வகுப்பே மூடிக்கொள்வதும் உண்டு. அதனால் கேள்வியை முதலில் நோட்டில் எழுதச் சொல்வேன். கணக்கையும் நோட்டிலேயே போட்டு முடித்து, விடை கையில் வந்த பிறகுதான் லிங்க்கையே போடுவேன். ஃபார்முக்குள் இருக்கும் நேரம் பதினைந்து நொடி. லிங்க்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், ‘மேலே இருக்கு பாருங்க’ என்று சொல்லக் கூடாது. நடுவில் அறுந்து மறுபடி வந்தவருக்கு மேலே ஒன்றும் இருக்காது.

அந்த நோட்டு வேலைக்குக் கொடுக்கும் இரண்டு நிமிடத்தில் பேசாமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. முன்னால் 38 கறுப்புக் கட்டங்கள், ஒரு சத்தமும் இல்லை. வாய் தானாக ‘முடிச்சிட்டீங்களா? முதல்ல என்ன செய்யணும்? ஏத்தணும்…’ என்று ஆரம்பித்துவிடும். நான் பேசினால் போடுகிறவர் நிறுத்திவிட்டு என்னைக் கேட்பார். இப்போது ம்யூட்டைப் போட்டுவிட்டு நானும் என் வரிசை எண்ணாக 39-ஐ வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுகிறேன். 390, 468, 374.4. எனக்கு ஒரு நிமிடம் ஆனால் அவர்களுக்கு இரண்டரை கொடுப்பேன்.

வேலைகளின் நேரம் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒரு மாதம் சரியாக 10:24-க்கே மூன்றாவது வேலையைக் கொடுத்துவந்தேன். 10:22-க்கு உள்ளே வந்து 10:28-க்கு வெளியே போகும் ஒரு சிறு கூட்டம் உருவாகிவிட்டது. செயலியின் பட்டியல் உதவிய ஒரே இடம் அதுதான். இப்போது ஒருநாள் 10:18, ஒருநாள் 10:29. பாடம் எங்கே சூடாகிறதோ அங்கே.

இதில் பிடிபடாததும் உண்டு. நண்பனுடைய வரிசை எண்ணையும் போட்டு, அவனுக்கான கணக்கையும் சேர்த்துச் செய்து அனுப்பும் பிள்ளையை இந்த ஷீட் கண்டுபிடிக்காது. இரண்டு பதிலும் எப்போதும் அடுத்தடுத்த நொடிகளில் விழுந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அப்போது ‘9, உங்க நோட்டைக் கேமராவில் காட்டுங்க, எப்படிப் போட்டீங்கன்னு எல்லாரும் பார்க்கலாம்’ என்று கேட்பேன். நோட்டு வந்தால் வந்தது, வராவிட்டால் குறித்துக்கொள்வேன். அதற்கு மேல் போலீஸ் வேலை பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை இரண்டு பேருக்கும் சதவீதக் கணக்குப் போட்டிருக்கிறதென்றால் ஒருவருக்காவது பாடம் இரட்டிப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஃபார்மே திறக்காத பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் விடையைச் சாட்டில் எனக்கு மட்டும் அனுப்புவார்கள், அதுவும் முடியாவிட்டால் சாதாரண குறுஞ்செய்தி. வகுப்பு முடிந்ததும் அவர்களுடைய பதிலை அது வந்த நேரத்தோடு நானே ஷீட்டில் சேர்த்துவிடுவேன். மற்றதெல்லாம் சூத்திரம் பார்த்துக்கொள்ளும். மூன்று வேலைக்குமான திறந்த நேரம், மூடிய நேரம் ஆறையும் தட்டி, சுழியங்களைப் பார்த்து, நான்காவது வேலையின் வாக்கியங்களை வாசித்து முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஒருநாள் மூன்று சுழியம். இரண்டு வீட்டில் காய்ச்சல். மூன்றாவது வீட்டில் அம்மா எடுத்தார். ‘காலையிலேருந்து கிளாஸ்லதான இருக்கான் மிஸ், இதோ ஃபோன் ஓடிக்கிட்டிருக்கே’ என்றார். கொஞ்சம் போய்ப் பார்க்கச் சொன்னேன். வரிசை எண் 12, கட்டிலுக்கு அடியில் பூனைக்குட்டிகளோடு இருந்தானாம்.